பழைய மடிக்கணினியை விற்பதற்கு முன் ஐடியூன்ஸ் அங்கீகாரத்தை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிக்ஃபீல்ட்சில் குடியிருக்கும் என் அண்ணி, எட்டு ஆண்டுகள் உழைத்த தம் விண்டோஸ் மடிக்கணினியை 750 வெள்ளிக்கு விற்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை இரவு என்னை அழைத்து, "தம்பி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் போதும்தானே?" என்று கேட்டார். அழிக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கணினியில் அவரும் அண்ணனும் பல ஆண்டுகளாக ஐடியூன்ஸ் வழியாகக் காசு கொடுத்து வாங்கிய திரைப்படங்கள் இருந்தன. வன்தட்டை அழிப்பது ஒரு வேலை, அங்கீகாரத்தை நீக்குவது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடாது. இரண்டையும் வரிசை மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை கடினமாகிவிடும்.

அங்கீகாரம் எங்கே பதிவாகிறது

ஆப்பிளின் கடையில் வாங்கிய பூட்டுள்ள கோப்பு ஒன்றை ஒரு கணினியில் இயக்க வேண்டுமானால், வாங்கிய கணக்கின் பெயரில் அந்தக் கணினி அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள்தான். கைப்பேசியும் ஐபேடும் இந்த ஐந்தில் சேராது. மேக்கும் விண்டோஸ் கணினியும் மட்டுமே கணக்கில் வரும்.

அங்கீகாரத்தின் ஒரு பாதி கணினிக்குள் சாவியாகவும், மறு பாதி ஆப்பிளின் சேவையகத்தில் ஐந்து இடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. வன்தட்டை அழிக்கும்போது சாவி போய்விடுகிறது. ஆனால் சேவையகத்துக்கு அந்தச் செய்தி போவதில்லை. அது அந்த இடத்தை இல்லாத கணினிக்காக ஒதுக்கியே வைத்திருக்கும். "நான் நீங்குகிறேன்" என்று அந்தக் கணினியிலிருந்தே, இணையத் தொடர்பு இருக்கும்போதே சொன்னால்தான் இடம் காலியாகும்.

விண்டோஸ் கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கணினியை அடையாளம் காண, அதன் உள்ளுறுப்புகளையும் விண்டோஸ் நிறுவலையும் சார்ந்த சில குறிகள் பயன்படுகின்றன. அங்கீகாரத்தை நீக்காமல் ரேமையோ வன்தட்டையோ மாற்றினாலும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும், அதே கணினி புதிய கணினியாகத் தோன்றி இரண்டாவது இடத்தையும் பிடித்துக்கொள்ளக்கூடும். அண்ணியின் மடிக்கணினிக்கு ஒருமுறை லோயாட் பிளாசாவில் ஒரு கடையில் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார்கள். கணினி வேகமாக ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில், அது ஐந்தில் இரண்டு இடங்களைப் பிடித்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

முதலில்: உங்களிடம் பூட்டுள்ள கோப்புகள் உண்மையில் இருக்கின்றனவா?

ஐடியூன்சில் ஏதேனும் ஒரு கோப்பின்மேல் வலது சொடுக்கு செய்து Get Info என்பதைத் திறந்து, File என்ற பகுதியில் Kind என்ற வரியைப் பாருங்கள். அங்கே Protected என்ற சொல் இருந்தால் அது பூட்டுள்ள கோப்பு. பாடல்களுக்கு Purchased AAC audio file என்று காட்டினால் பூட்டு இல்லை. அதை எந்தக் கணினிக்கும் நகலெடுத்து, அங்கீகாரம் இல்லாமலேயே கேட்கலாம்.

2009ஆம் ஆண்டிலேயே ஆப்பிள் தன் கடையில் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. மலேசியாவுக்கான ஐடியூன்ஸ் கடை 2012 ஜூன் மாதத்தில்தான் திறந்தது. எனவே மலேசியக் கணக்கில் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பாடல்களில் பூட்டு இருக்காது. அதற்கு முன்பே அமெரிக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து பரிசு அட்டையில் பாடல் வாங்கியவர்களிடம் மட்டும் `.m4p` என்று முடியும் பழைய கோப்புகள் இருக்கலாம். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாடல்களும் பூட்டுள்ளவைதான், ஆனால் அவை வாங்கிய பொருள் அல்ல. சந்தா இருக்கும்வரை புதிய கணினியிலும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்மூர் வீடுகளில் உண்மையில் சிக்கலுக்குள்ளாவது திரைப்படங்கள்தான்.

இரண்டாவது: நூலகத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்

விண்டோசில் ஐடியூன்ஸ் நூலகம் வழக்கமாகப் பயனரின் Music கோப்புறைக்குள் iTunes என்ற பெயரில் இருக்கும். அதை முழுவதுமாக ஒரு வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுங்கள். வாங்கியதைத்தான் மறுபடி இறக்கிக்கொள்ளலாமே என்று சிலர் இதைத் தவிர்ப்பார்கள். நான் தவிர்க்க மாட்டேன். உரிமையாளர் ஒரு படத்தைக் கடையிலிருந்து விலக்கிக்கொண்டால், அதை மறுபடி இறக்க முடியாமல் போகலாம். அப்போது கையில் இருக்கும் கோப்புதான் துணை.

நகலெடுத்த பிறகு, புதிய கணினியில் ஐடியூன்சைத் திறந்து Account > Authorizations > Authorize This Computer என்று சென்று அங்கீகரித்து, ஒரு படத்தை இரண்டு நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். பழைய கணினி கையில் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன என்ற செய்தி வந்தால், இந்தச் சோதனையை அடுத்த படிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு அந்தச் செய்திதான் வந்தது. புதியதைச் சேர்க்காமல் வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று கணினிகள்தானே என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

மூன்றாவது: பழைய கணினியிலேயே அங்கீகாரத்தை நீக்குங்கள்

பழைய கணினியில் ஐடியூன்சைத் திறந்து, மேலே உள்ள Account பட்டியலில் Authorizations என்பதற்குள் Deauthorize This Computer என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோசில் மேல்பட்டியே தெரியவில்லையென்றால் Ctrl விசையையும் B விசையையும் சேர்த்து அழுத்தினால் அது தோன்றும். மேக்காக இருந்தால் மியூசிக் செயலியிலோ டிவி செயலியிலோ இதே Account > Authorizations வழிதான்.

மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வரும். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண்ணும் வரலாம். ஆகவே, பழைய தொலைபேசி எண்ணை மாற்றியவர்கள் முதலில் கணக்கில் எண்ணைப் புதுப்பித்துக்கொண்டு வந்து உட்காருவது நல்லது. நீக்கம் முடிந்ததும் ஒரு சிறு அறிவிப்பு வரும்.

இந்த நீக்கம் கணினிக்குப் பொதுவானதன்று, நீங்கள் மின்னஞ்சலை உள்ளிட்ட கணக்குக்கு மட்டுமானது. ஒரே மடிக்கணினியில் கணவர் கணக்கிலும் மனைவி கணக்கிலும் படங்கள் வாங்கியிருந்தால், அந்தக் கணினி இரண்டு கணக்குகளிலும் தலா ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். மேலே சொன்ன படியை இரண்டு முறை, இரண்டு மின்னஞ்சல்களோடும் செய்ய வேண்டும். அண்ணி தம் கணக்கை நீக்கிவிட்டு மூடப் போனார். அண்ணனை வேலைத் தளத்திலிருந்து கைப்பேசியில் அழைத்து, அவருக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லச் சொல்லி, அவருடைய கணக்கையும் நீக்கினோம்.

நான்காவது: நீங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

கடையில் Account > View My Account என்று சென்று கடவுச்சொல்லைக் கொடுத்தால் கணக்கின் விவரப் பக்கம் திறக்கும். அங்கே Computer Authorizations என்ற வரியில் எத்தனை கணினிகள் என்ற எண் மட்டும் இருக்கும். எந்தெந்தக் கணினி என்ற பெயர்ப் பட்டியல் கிடையாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பெயர் தெரிந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. நாம்தான் ஒரு தாளில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கணினி மட்டும் அங்கீகாரத்தில் இருந்தால் அந்த வரி தோன்றாமலும் இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

அண்ணியின் கணக்கில் நீக்கத்துக்கு முன் ஐந்து இருந்தது, நீக்கியபின் நான்கு. வீட்டு மேசைக்கணினி ஒன்று, அண்ணன் வேலைக்குக் கொண்டுபோகும் மடிக்கணினி ஒன்று என இரண்டுதான் உண்மையில் இருக்க வேண்டியவை. மீதி இரண்டில் ஒன்று, எஸ்எஸ்டி போடுவதற்கு முன்பிருந்த இதே மடிக்கணினியின் நிழல். மற்றது, பல ஆண்டுகளுக்கு முன் தாய்ப்பலகை எரிந்து பழைய இரும்புக்காரரிடம் போன ஒரு கணினி.

நிழல் இடத்தை நீக்க ஒரு முயற்சி உண்டு. அதே கணினியில் மறுபடி மறுபடி Deauthorize This Computer கொடுத்துப் பார்க்கலாம். இந்தக் கணினி அங்கீகரிக்கப்படவில்லை என்ற செய்தி வரும்வரை இதைத் தொடரலாம் என்று ஆப்பிளும் சொல்கிறது. ரேம் மாற்றம் போன்ற சிறு மாற்றங்களில் இது பலன் தருவதுண்டு. அண்ணிக்கு இரண்டாவது முறையே "அங்கீகரிக்கப்படவில்லை" என்று வந்துவிட்டது, எண்ணும் நான்கிலேயே நின்றது. பழைய வன்தட்டோடு இருந்த அடையாளம் இப்போது எந்தக் கணினியிலும் இல்லை என்பதே இதற்குப் பொருள்.

ஐந்தாவது: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நீக்குதல்

அதே விவரப் பக்கத்தில், Computer Authorizations வரிக்கு அருகில் Deauthorize All என்ற பொத்தான் இருக்கும். அது ஐந்து இடங்களையும் ஒரே வீச்சில் காலி செய்யும். கணினி கையில் இல்லாவிட்டாலும், விற்றுப் பல மாதம் ஆகியிருந்தாலும் வேலை செய்யும். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம். குறைந்தது இரண்டு கணினிகள் அங்கீகாரத்தில் இருந்தால்தான் பொத்தானே தெரியும். அண்மையில் பயன்படுத்தியிருந்தாலும் தெரியாது. அவசரமாகத் தேவைப்பட்டுப் பொத்தான் இல்லாமல் போனால், ஆப்பிளின் வாடிக்கையாளர் உதவியிடம் கேட்பதுதான் வழி.

இதனால்தான் பழைய கணினி கையில் இருக்கும்போது அதைத் தனியாக நீக்கிவிடுங்கள் என்கிறேன். இன்று சோம்பலில் இந்தப் பொத்தானைச் செலவழித்துவிட்டு, நான்கு மாதம் கழித்து வேறொரு கணினி திருட்டுப்போனால் கையில் எதுவும் இருக்காது. அண்ணியின் கணக்கில் இரண்டு நிழல்கள் இருந்தபடியால், இதைப் பயன்படுத்தத் தக்க காரணம் இருந்தது. அழுத்தினோம். பிறகு வீட்டு மேசைக்கணினியையும் புதிய மடிக்கணினியையும் அங்கீகரித்தோம். இரவு அண்ணன் வீடு திரும்பியதும் அவருடையதையும் சேர்த்தோம். புதிய கணினியில் படம் ஓடியது. வேலை முடிந்தது என்று நினைத்து எண்ணைப் பார்த்தால் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது.

நடந்தது இதுதான். நான் மேசைக்கணினியில் வேலையாக இருந்தபோது, அண்ணி பழைய கணினியில் படம் இன்னும் ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு படத்தைச் சொடுக்கியிருக்கிறார். இந்தக் கணினி அங்கீகரிக்கப்படவில்லை, அங்கீகரிக்க வேண்டுமா என்று கேட்டுக் கடவுச்சொல் பெட்டி வந்திருக்கிறது. எட்டு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டது. பழைய கணினி மறுபடி உள்ளே வந்துவிட்டது. சோதிப்பது சரிதான், அந்தப் பெட்டி வருவதே நீக்கம் முடிந்துவிட்டது என்பதற்கான சான்று. பெட்டி வந்தவுடன் Cancel கொடுத்துவிட வேண்டும். நல்லவேளையாகக் கணினி இன்னும் மேசைமேல்தான் இருந்தது. மூன்றாவது படியை மறுபடி செய்தோம், எண் மூன்றானது.

ஆறாவது: வெளியேறுதல், பிறகு அழித்தல்

அங்கீகாரம் நீங்கியபின் Account > Sign Out கொடுங்கள். கணக்கின் விவரப் பக்கத்தில் Manage Devices என்ற இன்னொரு பட்டியலும் உண்டு. அது மேலே பேசிய ஐந்து இடங்களைச் சேர்ந்ததன்று. கைப்பேசி, ஐபேட் உட்படப் பத்துச் சாதனங்கள்வரை கணக்கோடு இணைத்துவைக்கும் தனிப் பட்டியல் அது. பழைய கணினியின் பெயர் அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒரு கணக்கோடு இணைந்த கணினியை வேறு கணக்கோடு இணைக்க 90 நாள் காத்திருக்க நேரலாம் என்பதால், வாங்குபவரும் ஐடியூன்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை.

அதன் பின்தான் அழிக்க வேண்டும். அங்கீகாரத்தை நீக்கினாலும் கோப்புகள் வன்தட்டிலேயே கிடக்கும், ஓடாது என்பது மட்டுமே. விண்டோஸ் 11இல் Settings > System > Recovery என்பதற்குள் Reset PC கொடுத்து, Remove everything என்பதைத் தேர்ந்து, கூடுதல் அமைப்புகளில் Clean data என்பதையும் இயக்குங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், இரவில் மின்னேற்றியைச் செருகி விட்டுவிடலாம். மேக் விற்பவர்கள் ஐகிளவுடிலிருந்தும் Find My என்பதிலிருந்தும் வெளியேற மறக்கக் கூடாது. ஊடக அங்கீகாரத்தை நீக்கியது அந்தப் பூட்டை எடுக்காது. அண்மைக்கால மேக்குகளில் அது இருந்தால் வாங்கியவரால் கணினியைத் தொடங்கவே முடியாது.

மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. அடோபி கிரியேட்டிவ் கிளவுட் தனிநபர் சந்தா இரண்டு கணினிகளில் இயங்கும், விற்ற பிறகும் உலாவியில் கணக்கைத் திறந்து பழைய கணினியைச் செயலிழக்கச் செய்யலாம். விண்டோஸ் உரிமம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் அழிப்பதற்கு முன் Command Prompt சாளரத்தில் ஒரு கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள்:

```
slmgr /dli
```

வரும் பெட்டியில் OEM_DM என்று இருந்தால் உரிமம் அந்தக் கணினியோடு ஒட்டியது, அதையும் சேர்த்தே விற்கிறீர்கள், ஒன்றும் செய்ய வேண்டாம். RETAIL என்று இருந்தால் அது நீங்கள் தனியாக வாங்கியது. அதைப் புதிய கணினிக்குக் கொண்டுபோக விரும்பினால் பழையதிலிருந்து நீக்க வேண்டும்.

அழித்த பிறகுதான் நினைவு வந்தது என்றால்

கணினி இன்னும் கையில் இருந்தால், ஐடியூன்சை மறுபடி நிறுவி, அங்கீகரித்து, உடனே நீக்கிப் பாருங்கள். மேக்கில் இது பெரும்பாலும் பழைய இடத்தையே மீட்டு நீக்கிவிடும். விண்டோசில் புதிய நிறுவல் புதிய கணினியாகத் தெரிந்தால், நீக்கும்போது அந்தப் புதிய இடம்தான் காலியாகும், பழையது நிழலாக நிற்கும். ஐந்தும் நிரம்பியிருந்தால் அங்கீகரிக்கவே விடாது. அந்த நிலையிலும், கணினி ஏற்கெனவே கைமாறிவிட்ட நிலையிலும் ஐந்தாவது படி ஒன்றுதான் வழி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்குபவர் வந்தார், கணினியைத் தொடங்கிப் பார்த்தார், 750 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். அண்ணி நாள்காட்டியின் பின்புறத்தில் மூன்று கணினிகளின் பெயர்களை எழுதி, கீழே "எல்லாம் நீக்கும் பொத்தான் அழுத்திய நாள்" என்று தேதியைக் குறித்து, அந்தத் தாளை மேசைக்கணினியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார்.